சிறு கடையின் சாட்பொட்டும் அதன் அமைப்புகளும்

சிறிய கடையொன்றின் முதலாளி நாள்தோறும் விடைசொல்ல வேண்டிய வினாக்கள் எண்ணிக்கையிற் பலவாயினும் வகையிற் சிலவே. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், இன்ன துணி மீற்றர் என்ன விலை, வாங்கியதை மாற்றித் தருவீர்களா, தபாலில் அனுப்புவீர்களா என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு வினாக்களே திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னர் இவை கடை வாசலிலே கேட்கப்பட்டன. இப்பொழுதோ வட்ஸ்அப் மூலமும் கடையின் இணையத்தளம் மூலமும், கடை பூட்டிய பின்னர் இரவு பத்து மணிக்கும் வந்து சேர்கின்றன. இவற்றிற்கு மனிதருக்குப் பதிலாக விடை எழுதும் உரையாடற் கருவியே சாட்பொட் எனப்படுவது.

இத்தகைய கருவியை ஆக்குவதற்குக் கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. இதற்கென்றே இணையத்தில் இயங்கும் தளங்கள் பல உள்ளன. கடைக்காரர் அத்தகைய தளமொன்றிலே கணக்கொன்றைத் திறக்கிறார். கருவிக்கு ஒரு பெயர் இடுகிறார். கடை பற்றிய குறிப்புகளையும் விலைப்பட்டியலையும் ஏற்றுகிறார். அது எவ்வாறு பேசவேண்டும் என்பதை நாலைந்து வசனங்களில் எழுதுகிறார். பக்கத்திலுள்ள பரிசோதனைச் சாளரத்தில் வினாவொன்றை எழுதினால் விடை வருகின்றது. பின்னர் தளம் தருகின்ற சிறு நிரற்றுண்டைக் கடையின் இணையப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மாலைப்பொழுது இதற்குப் போதுமானது.

ஆக்குவது இலகு, ஆக்கிய பின் அது பிழையாக விடை சொல்லுமிடத்து, அப்பிழையை எந்த அமைப்பிலே போய்த் திருத்துவது என்று அறிவதே கடினம். திரையிலே பல பெட்டிகளும் திருகுகளும் தோன்றுகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காரியத்தையே ஆளுகின்றது. மற்றொன்றின் வேலையை அது செய்வதில்லை. இதனை அறியாதவர் கதவு திறக்கவில்லையென்று யன்னலின் கொளுக்கியைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

தளத்துக்குத் தளம் பெயர்கள் சிறிது வேறுபடினும், முதன்மையான அமைப்புகள் நான்கு எனலாம். முதலாவது Knowledge அல்லது Sources என்று திரையிற் காணப்படுவது. கடைக்காரர் ஏற்றிய குறிப்புகள் இங்கேதான் இருக்கின்றன. கருவி எதனை அறிந்திருக்கிறது என்பதை இது ஆளுகின்றது. இரண்டாவது Instructions அல்லது System prompt எனப்படும் அறிவுறுத்தற் பெட்டி. கருவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது இங்கே எழுதப்படுகின்றது. மூன்றாவது Temperature என்னும் திருகு. கருவியின் சொற்றேர்வு எவ்வளவு மாறுபடலாம் என்பதை இது ஆளுகின்றது. நான்காவது Fallback எனப்படுவது. விடை தெரியாதபோது கருவி என்ன சொல்ல வேண்டும், யாரிடம் வாடிக்கைக்காரரை அனுப்ப வேண்டும் என்பது இதன் பொறுப்பு.

இந்நான்கும் நடைமுறையில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைக் காண்பதற்கு, புடைவைக் கடையொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். அக்கடை சேலைகளையும், மீற்றர்க் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணிகளையும் விற்கின்றது. தையற் பகுதியொன்றும் அங்கே உண்டு. கடைக்காரர் முப்பது பக்கம் வரையிலான குறிப்புகளை ஏற்றியிருக்கிறார். அவற்றின் தொடக்கத்திலே, “விற்ற பொருளை 7 நாட்களுக்குள் பற்றுச்சீட்டுடன் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு வசனம் உண்டு. பல பக்கங்களுக்கு அப்பால், தையற் பகுதி பற்றிய செய்திகளின் நடுவே, “மேற்கூறிய சலுகை வெட்டிய துணிகளுக்குப் பொருந்தாது” என்று இன்னொரு வசனம் உண்டு.

ஒருநாள் இரவு வாடிக்கைக்காரர் ஒருவர் வினவுகிறார்: “மூன்று நாட்களுக்கு முன் சட்டைத்துணி இரண்டரை மீற்றர் வாங்கினேன். நிறம் பொருந்தவில்லை. மாற்றித் தருவீர்களா?” கருவி மிக மரியாதையாக விடை எழுதுகின்றது: “ஆம், 7 நாட்களுக்குள் பற்றுச்சீட்டுடன் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம்.” மறுநாட் காலை அவர் துணியோடு வந்து நிற்கிறார். மீற்றர் 900 ரூபாவாக இரண்டரை மீற்றரின் விலை 2,250 ரூபா. வெட்டிய அத்துணியை வேறொருவருக்கு விற்பது கடினம். மாற்றிக் கொடுத்தால் அத்தொகை நட்டம். மறுத்தால், “உங்கள் கடைதானே எழுதித் தந்தது” என்று அவர் கைத்தொலைபேசியைக் காட்டுவார்.

இந்த நிலையில் கடைக்காரர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது Temperature திருகிலேதான். அதனைப் பூச்சியத்துக்குக் குறைத்தால் கருவி கட்டுப்பாடாக நடந்து உண்மையே பேசும் என்று அவர் எண்ணுகிறார். மீண்டும் அதே வினாவைக் கேட்கிறார். அதே பிழையான விடை வருகின்றது. பத்து முறை கேட்டாலும் ஏறத்தாழ அதுவே வருகின்றது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. சாட்பொட்டின் உள்ளே இருக்கின்ற மொழி மாதிரி, வசனத்தை முழுமையாக ஒரே முறையில் எழுதுவதில்லை. அடுத்து வரக்கூடிய சொற்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணித்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்து எழுதிச் செல்கின்றது. Temperature பூச்சியமாக இருந்தால் வாய்ப்பு மிகக் கூடியதையே அது தேர்கின்றது. கூட்டினால் வாய்ப்புக் குறைந்தவற்றையும் இடையிடையே தேர்கின்றது. ஆகவே இந்தத் திருகு ஆளுவது விடைகளின் ஒருமைப்பாட்டையேயன்றி அவற்றின் உண்மையை அன்று. கையிலுள்ள குறிப்புப் பிழையான விடைக்கு இட்டுச்செல்லுமாயின், பூச்சியத்தில் நிற்கும் கருவி அப்பிழையை மாறாமற் சொல்லிக்கொண்டிருக்கும். கடைத் தொழிலுக்கு இத்திருகைப் பூச்சியத்திலோ அதற்குச் சற்று மேலாக 0.2 அளவிலோ வைப்பது நல்லதே. ஒரே வினாவிற்கு இருவருக்கு இருவேறு விதமாகப் பதில் போகாதிருக்க அது உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புதிய மாதிரிகள் சிலவற்றில் இத்திருகே காணப்படுவதில்லை.

அடுத்து, கடைக்காரர் அறிவுறுத்தற் பெட்டிக்குச் செல்கிறார். “பிழையான விடை சொல்லாதே, நிபந்தனைகளைக் கவனித்துச் சொல்” என்று எழுதுகிறார். இதனாலும் பயன் இல்லை. தனது விடை பிழையென்பது கருவிக்குத் தெரியாது. அது கண்ட குறிப்பின்படி அவ்விடை சரியானதே. காணாத நிபந்தனையைக் கவனிக்குமாறு ஏவுவதால் அது கண்ணிற்படப் போவதில்லை.

உண்மையான காரணம் குறிப்புகள் தேடப்படும் முறையிலே இருக்கின்றது. ஏற்றப்பட்ட முப்பது பக்கங்களையும் ஒவ்வொரு வினாவிற்கும் முழுவதும் வாசித்து விடைசொல்வது இத்தளங்களின் வழக்கமன்று. தளம் அக்குறிப்புகளை முன்கூட்டியே சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து வைக்கின்றது. வினா வந்ததும், அதனோடு பொருளால் நெருங்கிய துண்டுகள் எவையென எண்களாற் கணித்து, மிக நெருங்கிய சிலவற்றை மட்டும் எடுத்து மொழி மாதிரியின் முன் வைக்கின்றது. மாதிரி அச்சில துண்டுகளைக் கொண்டே விடையை எழுதுகின்றது. மற்றைத் துண்டுகள் அந்த வினாவைப் பொறுத்தவரையில் இல்லாதனவே.

இனி அந்த இரண்டு வசனங்களையும் மீண்டும் பார்த்தால் நடந்தது தெளிவாகும். வாடிக்கைக்காரர் மாற்றுவதைப் பற்றிக் கேட்டார். முதலாவது வசனத்தில் மாற்றுதல், நாட்கள், பற்றுச்சீட்டு ஆகிய யாவும் உள்ளன. ஆகவே அந்தத் துண்டு எடுக்கப்பட்டது. இரண்டாவது வசனமோ தையற்கூலி, அளவெடுத்தல், தைத்துக் கொடுக்கும் நாள் என்பவற்றின் நடுவே கிடக்கின்றது. அதில் மாற்றுதல் என்ற பேச்சே இல்லை. “மேற்கூறிய சலுகை” என்றால் எந்தச் சலுகை என்பது, தொடர்ந்து வாசிக்கும் மனிதருக்கு விளங்கும். வெட்டிப் பிரித்த துண்டில் மேற்கூறியது எதுவும் இல்லை. ஆதலின் அத்துண்டு எடுக்கப்படவில்லை.

இதனை ஊகத்தால் அறியவேண்டியதில்லை. பல தளங்கள், ஒவ்வொரு விடைக்கும் எந்தெந்தத் துண்டுகள் பயன்பட்டன என்பதை உரையாடற் பதிவிலோ பரிசோதனைச் சாளரத்திலோ காட்டுகின்றன. பிழையான விடையைக் கண்டவுடன் முதலிற் பார்க்கவேண்டிய இடம் அதுவே. சரியான குறிப்பு அங்கே எடுக்கப்பட்டிருந்தும் விடை பிழைத்திருந்தால் குற்றம் அறிவுறுத்தலிலோ மாதிரியிலோ இருக்கலாம். சரியான குறிப்பு எடுக்கப்படவே இல்லையாயின் குற்றம் Knowledge பகுதியிலே உள்ளது. வேறு திருகுகளைத் தொடுவதிற் பயனில்லை.

கடைக்காரர் செய்யவேண்டிய திருத்தம் மிகச் சிறியது. விதியையும் அதன் விலக்கையும் ஒரே பந்தியில், முழுச் சொற்களால் எழுதவேண்டும்: “சேலைகளையும் தைத்த ஆடைகளையும் 7 நாட்களுக்குள் பற்றுச்சீட்டுடன் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம். மீற்றர்க் கணக்கில் வெட்டி விற்ற துணியை மாற்ற முடியாது.” அது, இது, மேற்கூறியது, பின்வருவது என்ற சுட்டுச் சொற்கள் குறிப்புகளில் இயன்றவரை வரலாகாது. ஒவ்வொரு பந்தியும் தனித்துத் தன் பொருளைத் தரவேண்டும். விலைப்பட்டியலுக்கும் இது பொருந்தும். பட்டியலின் தலைப்பு ஒரு பக்கத்திலும் எண்கள் மறுபக்கத்திலும் அமைந்தால், துண்டாகப் பிரிக்கும்போது எண்கள் தலைப்பை இழந்துவிடக்கூடும். 900 என்பது மீற்றரின் விலையா, சேலையின் விலையா, தையற்கூலியா என்று தெரியாமற் போகும். “பருத்திச் சட்டைத்துணி ஒரு மீற்றர் 900 ரூபா” என்று வரிக்கு வரி எழுதுவது பார்ப்பதற்கு அழகற்றதாயினும் தவறு நேராதது.

திருத்தி எழுதிய பின்னரும் பழைய விடையே வருமாயின் அதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். தன் கணினியிலுள்ள கோப்பைத் திருத்துவதால் மட்டும் தளத்திலுள்ள பிரதி மாறுவதில்லை. புதிய கோப்பை ஏற்றிப் பழையதை நீக்கவேண்டும். பல தளங்களில் Retrain அல்லது Sync என்னும் பொத்தானையும் அழுத்தவேண்டும். மற்றக் காரணம், பழைய செய்தி வேறோரிடத்தில் உயிரோடிருப்பது. கடையின் இணையத்தளத்தை முழுவதும் வாசித்துக்கொள்ளுமாறு கருவியை விட்டிருந்தால், கடந்த தீபாவளிக் காலத்து விலைகள் கொண்ட மறந்துபோன பக்கமொன்றையும் அது வாசித்திருக்கும். அப்பொழுது ஒரே துணிக்கு இரண்டு விலைகள் கருவியிடம் இருக்கும். ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றையதையும் அது சொல்லும். விடை ஆளுக்கு ஆள் மாறுவதைக் கண்டு Temperature திருகைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்னர், முரண்பட்ட இரு குறிப்புகள் உள்ளனவா என்று தேடுவது அறிவுடைமை.

இத்தனையும் சிறு நட்டத்தைப் பற்றிய பேச்சுத்தானே என்று எண்ணுவோர்க்கு, கனடாவில் நிகழ்ந்த வழக்கொன்று கருதத்தக்கது. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் பாட்டியார் இறந்தமையால் விமானப் பயணம் செய்யவிருந்த ஒருவர், எயார் கனடா நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்த சாட்பொட்டிடம் துக்க காலச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். பயணச்சீட்டு வழங்கப்பட்டதிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகையைப் பெறலாம் என்று அது விடை சொல்லிற்று. அதே இணையத்தளத்தின் மற்றொரு பக்கமோ, பயணம் முடிந்த பின் அச்சலுகை கோர முடியாது என்றது. பணம் மறுக்கப்பட்டபோது அவர் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் குடிசார் தீர்ப்பு மன்றத்திற்குச் சென்றார். சாட்பொட் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்ற வகையில் நிறுவனம் வாதித்ததாக மன்றம் குறிப்பிட்டு, அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. செய்தி சாதாரணப் பக்கத்திலிருந்து வந்தாலென்ன, சாட்பொட்டிலிருந்து வந்தாலென்ன, தன் இணையத்தளத்தில் உள்ள யாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே தீர்ப்பாயிற்று. 650 கனேடிய டொலருக்குச் சற்றுக் கூடிய தொகை நட்டஈடாகவும், அதற்கு மேல் வட்டியும் மன்றக் கட்டணமும் விதிக்கப்பட்டன. இத்தீர்ப்பு வேறு நாட்டு மன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் கருவியின் சொல் கடையின் சொல்லாகவே கொள்ளப்படலாம் என்பதை அது காட்டுகின்றது.

இனி அறிவுறுத்தற் பெட்டியை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்துவது எவ்வாறு என்று பார்க்கலாம். எந்த மொழியில் விடை சொல்வது, எவ்வளவு நீளமாகச் சொல்வது, வாடிக்கைக்காரரை எவ்வாறு விளிப்பது, எந்த வினாக்களைத் தொடலாகாது என்பன இங்கே எழுதத் தக்கவை. ஆனால் இங்கே எழுதப்படும் தடை ஒரு பூட்டு அன்று. அது ஏவல் மட்டுமே. “கொள்விலையை எவருக்கும் சொல்லாதே” என்று எழுதிவிட்டு, மொத்த வியாபாரியிடம் வாங்கிய கொள்விலைப் பட்டியலையும் Knowledge பகுதியில் ஏற்றி வைத்தால், பேச்சுச் சாதுரியமுள்ள ஒருவர் பல விதமாகக் கேட்டு அதனை வெளியே எடுத்துவிடக்கூடும். வெளியே போகக்கூடாத செய்தியை உள்ளே ஏற்றாதிருப்பதே பூட்டு. விலைக்கழிவு கொடுக்கும் அதிகாரமும் அவ்வாறே. “கழிவு பற்றிக் கடையிலேதான் பேசவேண்டும்” என்று கருவி சொல்லட்டும்.

நான்காவதாகிய Fallback, கடைக்காரர் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடும் பகுதி. “அந்தச் சிவப்புச் சேலை இன்னும் இருக்கிறதா?” என்ற வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஏற்றப்பட்ட குறிப்பு ஏற்றிய நாளின் செய்தியேயாகும். இன்று பிற்பகல் அச்சேலை விற்றுப்போனதை அது அறியாது. கடையின் இருப்புக் கணக்கோடு நேரடியாக இணைக்கப்பட்டாலன்றி, இதற்குச் சரியான விடை கருவியிடம் இருக்க இயலாது. ஆனால் விடை இல்லாதபோதும் ஏதேனும் ஒன்றைப் பொருத்தமாகச் சொல்லிவிடுவது மொழி மாதிரியின் இயல்பு. ஆகையால், “கையிருப்பு, தையல் முடியும் நாள், கழிவு ஆகியவை பற்றிக் கேட்டாலும், குறிப்புகளில் விடை இல்லாவிடினும், கடையிலே கேட்டறியவேண்டும் என்று கூறித் தொலைபேசி இலக்கத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் கொடு” என்று விளக்கமாக எழுதவேண்டும். சில தளங்களில், குறிப்புகளுக்கு வெளியேயுள்ள பொது அறிவைக் கருவி பயன்படுத்தலாமா என்று கேட்கும் சுவிட்ச் ஒன்று தனியாக உண்டு. கடைக்கு அதனை மூடிவைப்பதே பொருத்தம். மூடினாலும் புனைவு குறையுமேயன்றி முற்றாக அற்றுப்போகும் என்று கொள்ளலாகாது.

தமிழ் வாடிக்கைக்காரரைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. பலர் தமிழை ஆங்கில எழுத்துக்களிலே எழுதுகின்றனர். அதுவும் பேச்சு வழக்கிலே எழுதுகின்றனர். ஒரே சொல்லை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டுகின்றனர். குறிப்புகளோ நல்ல தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ளன. மாதிரி அவ்வினாவை விளங்கிக்கொள்ளக்கூடியதாயினும், அதற்கு முன் நிகழும் தேடல் பொருத்தமான துண்டைக் கண்டெடுக்கத் தவறலாம். அப்பொழுது, ஒழுங்கான தமிழிற் கேட்டவருக்குச் சரியான விடையும், ஆங்கில எழுத்திற் கேட்டவருக்கு “தெரியாது” என்ற விடையும் போகும். அடிக்கடி வரும் வினாக்களை வாடிக்கைக்காரர் எழுதும் அதே உருவத்தில் எழுதி, அவற்றின் கீழ் விடையையும் எழுதி, வினாவிடைத் தொகுதியாக ஏற்றுவது இதற்கு நல்ல பரிகாரம்.

இவ்வளவும் செய்த கருவியைக் கடையின் பக்கத்தில் ஒட்டுவதற்கு முன், இருபது வினாக்களையும் அவற்றின் சரியான விடைகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஐந்தாவது, விடை “கடையிலே கேளுங்கள்” என்று வரவேண்டிய வினாக்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நல்ல தமிழிலும், ஆங்கில எழுத்துப் பேச்சுத் தமிழிலும் கேட்டுப் பார்த்து, பிழைத்தவற்றுக்கு எந்தத் துண்டு எடுக்கப்பட்டதென்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரே நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, இருபதையும் மறுபடி கேட்கவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்திற்று, எது புதிய பிழையை உண்டாக்கிற்று என்பது தெரியாமற் போகும்.

கடையிற் புதிதாகச் சேர்ந்த பையன், முதலாளி வாடிக்கைக்காரருடன் பேசுவதைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொள்கிறான். இக்கருவி அவ்வாறு பார்த்துக் கற்பதில்லை. விலை மாறினால் அதற்கு எழுதிக் கொடுக்கவேண்டும். பழைய தாளை அதனிடமிருந்து எடுத்துவிடவும் வேண்டும். ஆதலின் வாரத்தில் ஒரு நாள் உரையாடற் பதிவை எடுத்து, வாடிக்கைக்காரர் கேட்டவற்றையும் கருவி சொன்னவற்றையும் வாசிப்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்குவது, பணப்பெட்டியை எண்ணிப் பூட்டுவதைப் போன்ற கடைவேலைகளுள் ஒன்றாகவே கொள்ளத்தக்கது.